எது சாப்பிட்டாலும் அரை மணி நேரத்துல வயிறு உப்புதா? சிறுகுடல்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன்

கேள்வி: இட்லி சாப்பிட்டாலும் சரி பிரியாணி சாப்பிட்டாலும் சரி, அரை மணி ஒரு மணி நேரத்துல வயிறு கும்முனு உப்பிக்குது. கேஸ் மாத்திரை போட்டும் கேக்கல. சிறுகுடல்ல பாக்டீரியா ஜாஸ்தியானா இப்படி ஆகும்னு சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம்தாங்க, அதுக்கு சிபோன்னு பேரு. ஆனா உங்களுக்கு இருக்கறது அதுதானான்னு டெஸ்ட் பண்ணாம யாராலயும் சொல்ல முடியாது. நான் கோயம்புத்தூர்ல ஒரு கேஸ்ட்ரோ சென்டர்ல ப்ரெத் டெஸ்ட் எடுக்கற வேலைல இருக்கேன், நீங்க சொல்ற இதே கதையோட தினமும் ஆளுங்க வர்றாங்க, அதனால கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

மொதல்ல நேரத்தை கவனிங்க. பாக்டீரியா எல்லார் குடல்லயும் இருக்கு, ஆனா அது கூட்டமா இருக்க வேண்டிய இடம் பெருங்குடல், அங்க ஒரு கிராமுக்கே பத்தாயிரம் கோடி அளவுல இருக்கும். சிறுகுடலோட மேல் பகுதில ஒரு மில்லிக்கு ஆயிரத்துக்கும் கம்மியாதான் இருக்கணும். நாம சாப்பிடறது பெருங்குடலுக்கு போய் சேர சாதாரணமா மூணு நாலு மணி நேரமாவது ஆகும், அதுக்குள்ள மாவுச்சத்து சர்க்கரை எல்லாம் பெரும்பாலும் சிறுகுடல்லயே ரத்தத்துல ஏறிடும், மிச்சம் மீதி போறதத்தான் பெருங்குடல் பாக்டீரியா புளிக்க வச்சு கேஸ் ஆக்கும். அப்ப சாப்பிட்டு அரை மணி ஒரு மணி நேரத்துலயே கேஸ் உருவாகுதுன்னா, நமக்கு சேர வேண்டிய சாப்பாட்ட மேலயே உக்காந்து யாரோ மொதல்ல சாப்பிடறாங்கன்னு ஒரு சந்தேகம் வரும். அந்த கேஸ் ஹைட்ரஜன், சில பேருக்கு மீத்தேன். சிறுகுடல் சின்ன குழாய், கேஸ் சேர்ந்தா சீக்கிரம் விரியும், அதான் இறுக்கமும் வலியும்.

இதுல ஒண்ணு சொல்லியே ஆகணும், நேரத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணிட கூடாது. சாப்பாடு வயித்துக்குள்ள போன உடனே குடல் மொத்தமும் அசைய ஆரம்பிக்கும், முந்தின வேளை சாப்பாட்டோட மிச்சம் அப்பதான் பெருங்குடலுக்கு தள்ளப்படும், அதுனாலயும் உப்பும். பால் ஒத்துக்காதவங்களுக்கு உப்பும், அவசர அவசரமா காத்தையும் சேர்த்து முழுங்கறவங்களுக்கு உப்பும். பாலோ வெங்காயமோ பட்டாணியோ எதுவும் இல்லாம வெறும் ரசம் சாதம் சாப்பிட்டா கூட அதே மாதிரி ஆகுதுன்னா அப்பதான் சிபோ பக்கம் யோசிக்கறது நியாயம்.

சரி, அங்க இருக்க கூடாதது எப்படி அங்க பெருகுது? இதுதான் முக்கியமான விஷயம், நிறைய பேர் இத விட்டுட்டு ஆன்டிபயாடிக் பேர மட்டும் கேக்கறாங்க. சாப்பாட்டோட உள்ள வர்ற கிருமிய வயித்து அமிலம் பெரும்பாலும் கொன்னுடும். தப்பிச்சு வர்றத குடல் தானே வெளிய தள்ளிடும். வயிறு காலியா இருக்கும்போது சுமார் ஒன்றரை மணி நேரத்துலேந்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மேலேந்து கீழ வரைக்கும் ஒரு அலை மாதிரி சுருங்கிட்டே போகும், வீடு கூட்டற மாதிரி மிச்சம் மீதிய எல்லாம் கீழ தள்ளிட்டு போயிடும். பசிக்கும்போது வயிறு கடமுடன்னு சத்தம் போடுதுல்ல, அது பெரும்பாலும் இந்த வேலைதான். நீங்க எதையாவது வாய்ல போட்ட உடனே இந்த அலை நின்னுடும், திரும்ப வயிறு காலியானாதான் ஆரம்பிக்கும். இந்த அலை பலவீனமானா, இல்ல அமிலம் ரொம்ப நாளா குறைஞ்சே இருந்தா, இல்ல பழைய ஆபரேஷனால குடல்ல எங்கயாவது தேங்கற இடம் உருவாயிருந்தா, பாக்டீரியா தங்கி பெருகிடும். ரொம்ப வருஷமா சுகர் இருக்கறவங்களுக்கு குடலோட நரம்பு பாதிச்சு அலை மந்தமாகும். தைராய்டு கம்மியா இருந்தாலும் ஆகும். ஒரு பெரிய ஃபுட் பாய்சனிங் வந்து போனதுக்கு அப்புறம் ஆரம்பிச்சவங்களும் இருக்காங்க. நம்ம ஊர்ல குடல் டிபில குடல் சுருங்கி போறதும் ஒரு காரணம், டாக்டருங்க அத மனசுல வச்சுக்கிட்டுதான் ஸ்கேன் எழுதுவாங்க.

எங்க அத்தை விஷயத்த சொன்னா இது சரியா புரியும். வயசு அறுபத தாண்டிடுச்சு, பொள்ளாச்சி பக்கம் கிராமம், ரொம்ப வருஷமா சுகர். ஒரு காலத்துல நெஞ்செரிச்சலுக்குன்னு யாரோ எழுதி குடுத்த, வயித்து அமிலத்த குறைக்கற பேன்டபிரசோல் மாத்திரைய, எரிச்சல் போய் எவ்வளவோ காலம் ஆகியும், காலைல வெறும் வயித்துல போட்டுட்டே இருந்தாங்க. "மத்தியானம் சாப்பிட்டு எந்திரிச்சா பொடவை கொசுவத்த தளர்த்திக்க வேண்டியிருக்குடா, சாயந்தரம் தான் கொஞ்சம் அடங்குது"ன்னு சொல்வாங்க. ஓமத்தண்ணி, பெருங்காயம் எல்லாம் பார்த்தாச்சு, ஏப்பம் வந்து கொஞ்ச நேரம் சுகமா இருக்கும் அவ்ளோதான்.

டாக்டர் உடனே சிபோன்னு சொல்லல. சுகருக்கு போடற மெட்ஃபார்மினே வயித்த உப்ப வைக்கும், அதனால அத மொதல்ல மெதுவா கரையற வகைக்கு மாத்தினாரு. பால் காபிய கொஞ்ச நாள் நிறுத்தி பார்த்தாங்க. எண்டோஸ்கோபில ஒண்ணும் இல்ல. ரத்தத்துல பி12 மட்டும் கம்மியா இருந்துச்சு, அது மெட்ஃபார்மினாலயும் குறையும், சிறுகுடல் பாக்டீரியா தின்னுடறதாலயும் குறையும், அதனால அத வச்சு ஒண்ணும் தீர்மானிக்க முடியல. அப்புறம்தான் குளுக்கோஸ் ப்ரெத் டெஸ்ட்.

இந்த டெஸ்டோட லாஜிக் ரொம்ப எளிமை. மனுஷ உடம்பு செல்லு ஹைட்ரஜன் உருவாக்காது, பாக்டீரியாதான் உருவாக்கும். உருவான ஹைட்ரஜன்ல ஒரு பங்கு ரத்தத்துல கலந்து நுரையீரல் வழியா மூச்சுல வெளிய வரும். குளுக்கோஸ் சிறுகுடலோட மேல் பகுதிலயே முழுசா உறிஞ்சப்படும், பெருங்குடலுக்கு சாதாரணமா போகாது. அதனால குளுக்கோஸ் குடிச்சதும் மூச்சுல ஹைட்ரஜன் ஏறினா, வழியிலயே பாக்டீரியா அத பிடிச்சிருக்குன்னு அர்த்தம். 75 கிராம் குளுக்கோஸ தண்ணில கலக்கி குடிக்க சொல்லி 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊத சொல்வோம், மூச்சோட கடைசி பகுதி காத்துதான் எங்களுக்கு வேணும், சும்மா ஃபூன்னு ஊதினா எண்ணிக்கை கம்மியா காட்டும். ஒன்றரை மணி நேரத்துக்குள்ள ஆரம்ப அளவ விட 20 பிபிஎம் ஏறினா பாசிட்டிவ்னு எடுத்துப்பாங்க. அத்தைக்கு ஆரம்பத்துல 5, பதினஞ்சு நிமிஷத்துல 7, அரை மணில 19, முக்கா மணில 38, ஒரு மணி நேரத்துல 46, அதுக்கப்புறம் இறங்க ஆரம்பிச்சுது. அந்த முக்கா மணி நேரத்துலயே "இப்ப ஆரம்பிச்சிடுச்சுடா"ன்னு வயித்த தடவிக்கிட்டாங்க, நம்பரும் அவங்க கஷ்டமும் ஒண்ணா ஏறினது எனக்கே பளிச்சுனு தெரிஞ்சுது.

டெஸ்ட் வீணாகறது பெரும்பாலும் முந்தின நாள்தான். ராத்திரி சுண்டலோ சாம்பாரோ சாப்பிட்டு வந்தா ஆரம்ப அளவே ஏறி இருக்கும், அத வச்சு எதுவும் சொல்ல முடியாது. முந்தின நாள் வெள்ளை சாதம், முட்டை, சிக்கன் மாதிரி, வெங்காயம் பூண்டு பருப்பு பால் இல்லாம சாப்பிட்டு, பன்னெண்டு மணி நேரம் வெறும் வயித்தோட வரணும், பல்லு விளக்கிட்டு வரணும், நாலு வாரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் எடுத்திருக்க கூடாது. சுகர் இருக்கறவங்க அன்னைக்கு காலை மாத்திரைய என்ன பண்றதுன்னு டாக்டர் கிட்ட முன்னாடியே கேட்டுக்கணும். இன்னொண்ணு, உங்களுக்கு உப்பலோட மலச்சிக்கலும் இருந்தா மீத்தேனும் அளக்கற மெஷின் இருக்கான்னு கேளுங்க. மீத்தேன உருவாக்கற கிருமி ஹைட்ரஜனையே தின்னுதான் வாழும், அதனால ஹைட்ரஜன் மட்டும் பார்த்தா ரிசல்ட் நார்மல்னு வந்துடும். குளுக்கோஸ் மேலயே தீர்ந்துடறதால சிறுகுடலோட கடைசி பகுதில பாக்டீரியா இருந்தா இந்த டெஸ்ட்ல மாட்டாமயும் போகலாம். உடம்பு உறிஞ்சாத லாக்டுலோஸ்ங்கற சர்க்கரைய குடிச்சு பண்ற டெஸ்ட் இன்னொண்ணு இருக்கு, அது கீழ வரைக்கும் போகும், ஆனா குடல் வேகமா ஓடறவங்களுக்கு பெருங்குடல் கேஸையே சிபோன்னு காட்டிடும்.

அத்தைக்கு ரிஃபாக்ஸிமின் 550 மில்லிகிராம் மூணு வேளை, ரெண்டு வாரம் குடுத்தாங்க. அது ரத்தத்துல அதிகம் ஏறாம குடலுக்குள்ளயே வேலை செய்யற ஆன்டிபயாடிக். தயவு செஞ்சு இத படிச்சிட்டு மெடிக்கல்ல போய் நீங்களே வாங்கிடாதீங்க, மீத்தேன் இருக்கறவங்களுக்கு இது மட்டும் போதாம கூட இன்னொரு மருந்து சேர்க்க வேண்டி வரும். ரெண்டாவது வாரத்துலேந்தே உப்பல் நல்லா குறைஞ்சுது. ஆனா அதோட நிக்கல, அதுதான் எனக்கு பிடிச்சது. பேன்டபிரசோல் தேவையில்லன்னு தெரிஞ்சதால டாக்டர் அத படிப்படியா நிறுத்தினாரு (சில பேருக்கு அது கட்டாயம் வேணும், நீங்களா நிறுத்தாதீங்க). பி12 ஊசி போட்டாங்க. சுகர் அளவ இறக்கினாங்க. பதினோரு மணி பிஸ்கட், நாலு மணி முறுக்கு எல்லாம் நிறுத்தி, சுகர் தாழாத மாதிரி மாத்திரை நேரத்த மாத்தி குடுத்து, வேளைக்கு வேளை நாலு மணி நேரம் இடைவெளி விட சொன்னாங்க, அந்த கூட்டற அலைக்கு நேரம் கிடைக்கணும்ல.

அப்படியும் சில மாசம் கழிச்சு லேசா திரும்பி வந்துச்சு. இது அபூர்வம் இல்ல, ரிஃபாக்ஸிமின்ல சரியானவங்கள பின்தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வுல ஒன்பது மாசத்துல சுமார் 44% பேருக்கு திரும்பி வந்திருக்கு. சுகரால நரம்பு போனது போனதுதான், அதனால அத்தைக்கு இப்ப ராத்திரி குடல் அசைவ தூண்டற ஒரு மாத்திரையும் சேர்த்திருக்காங்க, ஓரளவு நிம்மதியா இருக்காங்க.

நீங்க டாக்டர்கிட்ட போகும்போது வெறுமனே கேஸ் ட்ரபிள்னு சொல்லாம, என்ன சாப்பிட்டு எத்தனை நிமிஷத்துல உப்புது, எவ்ளோ நேரம் இருக்குது, மலம் எப்படி போகுது, என்னென்ன மாத்திரை எவ்வளவு காலமா போடறீங்க, வயித்துல ஆபரேஷன் எதாவது ஆச்சான்னு ஒரு வாரம் எழுதி எடுத்துட்டு போங்க. எடை குறையுது, மலத்துல ரத்தம், ராத்திரி தூக்கத்துலேந்து எழுப்பற வயித்து வலி, வாந்தி, ரத்தசோகை இதுல எது இருந்தாலும் ப்ரெத் டெஸ்டுக்கெல்லாம் காத்திருக்காம உடனே போங்க. அதே மாதிரி நாப்பது அம்பது வயசு தாண்டின பெண்களுக்கு புதுசா உப்பல் ஆரம்பிச்சு தினமும் விடாம இருந்தா கர்ப்பப்பை, சினைப்பைக்கு ஒரு ஸ்கேன் மொதல்ல எடுத்துடறது நல்லது.