டொமைன் பெயரும் எழுத்துக்கூட்டலும்

கேள்வி: நிலாவெளியில் சிறிய விடுதி நடத்துகிறோம். டொமைன் பெயர் என்றால் என்ன, ஆட்கள் பிழையில்லாமல் எழுதக்கூடிய பெயரை எப்படித் தெரிவு செய்வது?

இணையத்தில் உங்கள் தளத்தைத் தேடி வருபவர் தட்டச்சு செய்யும் முகவரிதான் டொமைன் பெயர். கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அடையாளம் காண்கின்றன. அந்த எண்களை மனிதர் நினைவில் வைத்திருக்க முடியாது என்பதால், கைபேசியில் எண்ணைப் பெயரிட்டுச் சேமிப்பதுபோல, ஒவ்வொரு பெயரும் ஓர் எண்ணுடன் இணைக்கப்படுகிறது.

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது. விடுதிக்கு ‘ஆழி’ என்று பெயர் வைத்தால், ஒருவர் aazhi என்றும், மற்றவர் azhi என்றும், வேறொருவர் aali என்றும் எழுதுவார். இவை மூன்றும் வெவ்வேறு முகவரிகள் என்பதால், தவறாக எழுதியவர் உங்களிடம் வந்து சேரமாட்டார். ஆகவே ழகரமும் நெட்டுயிரும் உள்ள பெயரைத் தவிர்த்து, வீதிப் பலகைகளில் எல்லோரும் பார்த்துப் பழகிய nilaveli போன்ற எழுத்துக்கூட்டலைச் சேர்ப்பதே நல்லது. இடைக்கோடும் வேண்டாம், தொலைபேசியில் சொல்லும்போது அது விடுபட்டுவிடும். பதிவு செய்யுமுன், பெயரைத் தொலைபேசியில் ஒருமுறை மட்டும் சொல்லி, சிலரை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துகள் வேறுபட்டால் பெயரை மாற்றுங்கள்.

ஒருமுறை பணம் செலுத்தினால் பெயர் என்றென்றும் நமக்கே சொந்தம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது குறித்த காலத்துக்கே பதிவாகிறது, புதுப்பிக்கத் தவறினால் வேறொருவர் அதை எடுத்துக்கொள்ளலாம்.