எரர் பார் ஒன்றோடொன்று ஏறி நின்றால் வித்தியாசம் இல்லையா?

"ஐயா, ஆத்தங்குடி டைல்ஸ் பற்றி எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்கிறேன். தொட்டித் தண்ணீரில் 7 நாள் ஊறிய டைல்ஸ் 16, 21 நாள் ஊறியவை 16. எல்லாவற்றையும் 28-ஆம் நாள் உடைத்துப் பார்த்தேன். உடையும் சுமையின் சராசரி 120 கிலோ, 133 கிலோ. திட்ட விலக்கம் இரண்டிலும் 16 கிலோ. பட்டை வரைபடத்தில் திட்ட விலக்கத்தை எரர் பாராகப் போட்டால் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. திட்டப் பிழையைப் போட்டால் விலகி நிற்கின்றன. 'விலகி நிற்பதையே போடு, அதுதான் வித்தியாசத்தைக் காட்டும்' என்கிறாள் தோழி. எதைப் போடட்டும்?"
— காரைக்குடி வாசகி

தோழி சொல்லும் காரணத்துக்காகத் திட்டப் பிழையைப் போடாதீர்கள். அந்தக் கோடு விலகி நிற்பதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஏன் என்பதை உங்கள் எண்களிலேயே பார்த்துவிடலாம்.

திட்ட விலக்கம் டைல்ஸைப் பற்றிப் பேசுகிறது. கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணம் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டுக் கையால் செய்யும் சரக்கு. ஒன்றுக்கொன்று முன்னே பின்னேதான் இருக்கும். அந்த ஏற்றத்தாழ்வின் அளவுதான் உங்கள் 16 கிலோ. வளவு முழுக்கப் பதிக்க டைல்ஸ் வாங்குகிறவருக்கு வேண்டியது இதுதான். சராசரி நன்றாக இருந்து நாலு டைல்ஸ் விரிசல் விட்டாலும் அவருக்குத் தலைவலிதானே. எண்கள் சராசரியின் இருபக்கமும் மணி வடிவில் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 7 நாள் டைல்ஸில் ஆறில் ஒரு பங்கு 104 கிலோவுக்குள்ளேயே உடையும்.

திட்டப் பிழை உங்கள் சராசரியைப் பற்றிப் பேசுகிறது. வேறு 16 டைல்ஸ் எடுத்து உடைத்திருந்தால் சராசரி எவ்வளவு தள்ளி வந்திருக்கும் என்பதற்கான மதிப்பீடு அது. திட்ட விலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்க மூலத்தால் வகுத்தால் கிடைக்கும்: 16-ஐ 4-ஆல் வகுக்க 4 கிலோ. 64 டைல்ஸ் உடைத்திருந்தால் இதுவே 2 கிலோவாகச் சுருங்கும்; திட்ட விலக்கம் 16-ஐ ஒட்டியேதான் நிற்கும். நீங்கள் கூடுதலாக உடைத்ததால் டைல்ஸ் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடாது, சராசரி மட்டும் உறுதிப்படும்.

இங்கேதான் வாசகர் முதலில் வழுக்குகிறார். 21 நாள் பட்டையின் மேல் 129 முதல் 137 வரை ஒரு குட்டிக் கோட்டைப் பார்த்ததும், 'பெரும்பாலான டைல்ஸ் இதற்குள் அடங்கும்' என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் 16-இல் சுமார் மூன்றுதான் அதற்குள் வரும். திட்ட விலக்கக் கோட்டுக்குள் சுமார் பதினொன்று வரும். கோட்டின் வடிவம் ஒன்றேதான். அது எது என்று எழுதாமல் விட்டால் படிப்பவர் தனக்குத் தோன்றியதை நினைத்துக்கொள்வார்.

சரி, 'ஏறி நிற்பது, விலகி நிற்பது' என்ற கணக்குக்கு வருவோம். சராசரிகளின் வித்தியாசம் 13 கிலோ. அந்த வித்தியாசத்துக்கென்று தனியாக ஒரு திட்டப் பிழை உண்டு: இரண்டு திட்டப் பிழைகளையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்க மூலம் எடுக்க வேண்டும்.

```
√(4² + 4²) = 5.66
13 / 5.66 = 2.30
13 ± 2.04 × 5.66  →  1.5 முதல் 24.5
```

மூன்றாவது வரிதான் வித்தியாசத்துக்கான 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை; 2.04 என்பது 30 சுதந்திரப் படிகளுக்கு டி அட்டவணை தரும் எண். டி சோதனையில் 2.30 வந்தால், அதே 30 சுதந்திரப் படிகளுக்கு, பி மதிப்பு சுமார் 0.03. உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் தற்செயலாக வர உள்ள வாய்ப்புதான் பி மதிப்பு. வழக்கமான 0.05 அளவுகோலில் வித்தியாசம் தேறுகிறது. ஆனால் திட்ட விலக்கக் கோடுகள் (104–136, 117–149) நன்றாகவே ஏறி நிற்கின்றன. இன்னும் வேடிக்கை, ஒவ்வொரு சராசரிக்கும் 95% நம்பிக்கை இடைவெளியைப் போட்டாலும் (111.5–128.5, 124.5–141.5) அவையும் நாலு கிலோ அளவுக்கு ஏறியே நிற்கும். ஆக, ஏறி நின்றால் வித்தியாசம் இல்லை என்பது தப்பு.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். இரண்டாவது சராசரி 130 மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். திட்டப் பிழைக் கோடுகள் 124-இல் ஒன்று முடியும், 126-இல் அடுத்தது தொடங்கும். கண்ணுக்கு இடைவெளி தெரியும். ஆனால் 10-ஐ 5.66-ஆல் வகுத்தால் 1.77, பி மதிப்பு சுமார் 0.09. விலகி நின்றும் தேறவில்லை. தோழியின் விதி இங்கே விழுந்துவிடுகிறது.

இதில் தடுமாறுவது மாணவர்கள் மட்டும் என்று எண்ண வேண்டாம். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், உளவியல், நரம்பியல், மருத்துவம் ஆகிய துறைகளில் கட்டுரை எழுதிய ஆராய்ச்சியாளர்களிடம் இரண்டு சராசரிகளைத் திரையில் காட்டி, 'வித்தியாசம் மயிரிழையில் தேறும்படி ஒன்றை நகர்த்துங்கள்' என்றார்கள். பலர் கோடுகள் ஒன்றையொன்று தொடும்படி வைத்தார்கள். நம்பிக்கை இடைவெளி என்றாலும் அதேதான், திட்டப் பிழை என்றாலும் அதேதான்! எண்ணிக்கை போதுமான அளவு இருந்தால், தொட்டு நிற்கும் 95% இடைவெளிகளுக்கு பி மதிப்பு சுமார் 0.006, தொட்டு நிற்கும் திட்டப் பிழைகளுக்குச் சுமார் 0.16. இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பட்டையையே விட்டுவிடுவேன். 32 டைல்ஸ்தானே, ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வையுங்கள், சராசரிக்கு ஒரு சிறு கோடு போடுங்கள். பரவல் தானாகவே தெரியும், திட்ட விலக்கத்தைத் தனியாக வரைய வேண்டியதில்லை. பட்டைக்கு இன்னொரு குறையும் இருக்கிறது: நிறம் அடித்த பகுதிக்குள் வரும் மதிப்புகளே நடக்கக்கூடியவை என்று கண் நினைத்துக்கொள்கிறது. உச்சிக்கு மேலே அதே தூரத்தில் இருப்பது குறைவாகத் தோன்றுகிறது. 2012-இல் இதைச் சோதனை வைத்தே காட்டியிருக்கிறார்கள். புள்ளிப் படத்துக்குக் கீழே ஒரே வரி போதும்: 'ஒவ்வொரு குழுவிலும் 16 டைல்ஸ், சராசரிகளின் வித்தியாசம் 13 கிலோ, 95% நம்பிக்கை இடைவெளி 1.5 முதல் 24.5.' உங்கள் கேள்விக்கான பதில் அந்த வரியில்தான் இருக்கிறது. 1.5 கிலோவும் சாத்தியம் என்று அது ஒளிக்காமல் சொல்கிறது, பாருங்கள்.

கைடு பட்டைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் திட்ட விலக்கத்தையோ 95% இடைவெளியையோ போட்டு, எது என்பதையும் எண்ணிக்கையையும் கீழே எழுதுங்கள். எக்செல்லில் ஒரு பொறி இருக்கிறது. Error Bars பட்டியலில் Standard Error அல்லது Standard Deviation என்பதைச் சொடுக்கினால், அது வரைபடத்தில் இருக்கும் 120, 133 என்ற இரண்டு உயரங்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடும். உங்கள் 32 டைல்ஸ் அதற்குத் தெரியாது. எல்லாப் பட்டைகளிலும் கோடு அச்சு அசலாக ஒரே நீளத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். உங்களுக்கு விலக்கம் இரண்டிலும் 16 என்பதால் நீளத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அச்சில் அளந்துதான் பார்க்க வேண்டும். முதலில் தனிக் கட்டங்களில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்:

```
=STDEV.S(B2:B17)
=STDEV.S(B2:B17)/SQRT(COUNT(B2:B17))
```

அப்புறம் Custom, Specify Value வழியாக அந்தக் கட்டங்களைக் கொடுங்கள்.

கடைசியாக நான் உங்களைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. அந்த 16 டைல்ஸும் ஒரே பட்டறையில், ஒரே நாள் கலவையில், ஒரே கை போட்டவையா? அப்படியானால் 4 கிலோ என்ற திட்டப் பிழை அந்த ஒரு நாள் கலவைக்கு மட்டுமே செல்லும். ஆத்தங்குடி டைல்ஸ் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டுமென்றால் பட்டறைகளையும் நாட்களையும் மாற்றி எடுத்து, ஒவ்வொரு கலவையையும் ஒரு எண்ணாக வைத்துக் கணக்கிடுங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால், எந்தக் கலவை, எத்தனை டைல்ஸ் என்பதைப் படத்துக்குக் கீழே சொல்லிவிடுங்கள்.