நான்கு சென்டிமீட்டர் கட்டிக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டுமா?

“எனக்கு வயது 43. மாதவிடாய் எட்டு நாள் நீடிக்கிறது. முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்றுகிறேன், கட்டி கட்டியாகவும் போகிறது. ஹீமோகுளோபின் 9. ஸ்கேனில் 4 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டி இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் இரும்பு மாத்திரை போதும் என்கிறார். யார் சொல்வது சரி?”

இரண்டு பேருமே முடிவை ஒரு படி முன்னதாகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கர்ப்பப்பையின் வெளிப்புறம் துருத்திக்கொண்டிருக்கும் கட்டி 4 செ.மீ. இருந்தாலும் பெரும்பாலும் ரத்தப்போக்கைக் கூட்டாது. உள்ளறைக்குள் புடைத்திருந்தால் 2 செ.மீ. கட்டிகூட இந்தப் பாடு படுத்தும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘சப்மியூகோசல்’, ‘இன்ட்ராமியூரல்’, ‘சப்செரோசல்’ என்று ஏதாவது எழுதியிருக்கும், பாருங்கள். முதலாவது உள்ளறைக்குள் புடைப்பது, அடுத்தது தசைச்சுவருக்குள் இருப்பது, கடைசியது வெளிப்புறம். அப்படி எதுவும் எழுதவில்லை என்றால், அதைத் தெரிந்துகொள்ளாமல் ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள்.

இரும்பு மாத்திரை மட்டும் ஏன் போதாது? ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போது ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். மாதம் 120 மில்லி போனால் 60 மில்லிகிராம் நஷ்டம், அதாவது நாளுக்கு 2. இதைத் தவிர உடல் தினமும் சுமார் ஒரு மில்லிகிராம் இழக்கிறது. ஆக நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் செலவு. உணவிலிருந்து சாதாரணமாக உடலில் சேர்வதோ 1 முதல் 2 மில்லிகிராம்தான். மாத்திரை இந்த இடைவெளியை நிரப்பும், ஆனால் போக்கு நிற்காதவரை மாத்திரையை விட்டதும் மறுபடி கீழே இறங்கும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள், 30-க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி. மாத்திரையைத் தினம் ஒருவேளை, டீ காபியோடு சேர்க்காமல் எடுங்கள். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு புள்ளிகூட ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவது பற்றிக் கேளுங்கள். ஏறிவிட்டாலும், சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

கட்டி உள்ளறைக்குள் இருந்தால், கர்ப்பவாய் வழியாகக் கருவியை விட்டு அதை மட்டும் வெட்டி எடுக்கலாம். வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. உங்கள் நிலையில் நான் முதலில் யோசிப்பது அதைத்தான். சுவருக்குள் இருந்து அறையின் வடிவத்தைக் கெடுக்கவில்லை என்றால், கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் சுரக்கும் ‘காயில்’ என்ற சாதனம் நல்ல தேர்வு. வடிவம் கெட்டிருந்தால் அந்தச் சாதனம் நழுவி வெளியே வந்துவிட வாய்ப்பு அதிகம். அதுவரை, போக்கு அதிகமான நாட்களில் மட்டும், போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் மாத்திரை எடுக்கலாம். ரத்தம் உறைந்து அடைத்த வரலாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கர்ப்பப்பையை எடுப்பதும் நியாயமான வழிதான். இவை பலிக்காமல் போய், இனி குழந்தை வேண்டாம் என்ற முடிவில் நீங்களும் இருந்தால் எடுக்கலாம். மாதவிடாய் நின்றபின் கட்டி பெரும்பாலும் தானே சுருங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எதுவானாலும், ஹீமோகுளோபின் 9-ல் இருக்கும்போது அவசரமில்லாத ஆபரேஷனுக்குப் போகாதீர்கள், முதலில் இரும்பை ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மாதவிடாய்களுக்கு இடையிலும் ரத்தம் படுகிறது என்றால், கட்டியின் மேல் பழிபோட்டு விட்டுவிடாமல் உட்சவ்வைப் பயாப்ஸி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.