எபாக்ஸி தரை கொப்பளித்தால் பாலியூரித்தேன் தீர்வாகுமா?

கேள்வி: எங்கள் கராஜ் தரை 24 சதுர மீட்டர் பரப்புள்ளது. பழைய கான்கிரீட்டை அமிலம் ஊற்றிக் கழுவி எபாக்ஸி பூசினார்கள். எட்டு மாதத்திற்குள் நடுப்பகுதியில் கொப்புளங்கள் எழும்பிவிட்டன. டயர் நிற்கும் இடத்தில் பூச்சு உரிகிறது. எபாக்ஸியை எடுத்துவிட்டுப் பாலியூரித்தேன் பூசலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். ஈரம் அளக்கும் கருவியைத் தரைமேல் வைத்துக் காட்டி, தரை காய்ந்துதான் இருக்கிறது என்றும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். உங்கள் தரையில் இரண்டு வெவ்வேறு குறைகள் இருப்பதாகத் தெரிகிறது. அவற்றில் எதுவும் பூச்சின் பெயரை மாற்றுவதால் மட்டும் தீராது.

உரிந்த சில்லு ஒன்றை எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே சாம்பல் நிறத்தில் மெல்லிய சிமெண்ட் தூள் ஒட்டியிருந்தால், பூச்சு தன் வேலையைச் செய்திருக்கிறது. அது பற்றிக்கொண்ட மேல்தோல்தான் வலுவற்றது. கான்கிரீட் இடும்போது மேலே மிதந்து வந்து உலர்ந்த சிமெண்ட் பால் படலம் அது. மாறாக, அடிப்பக்கம் சுத்தமாகவும் வழவழப்பாகவும் இருந்தால், பூச்சு கான்கிரீட்டைப் பற்றவே இல்லை என்று பொருள். பழைய சீலரோ, எண்ணெயோ, கான்கிரீட் இட்டபோது தெளித்த பதப்படுத்தும் திரவமோ இடையில் தங்கியிருக்கும். அமிலம் சிமெண்டைத்தான் அரிக்கும். எண்ணெயையும் சீலரையும் அது தொடுவதில்லை. போதாக்குறைக்கு, அமிலத்தைக் கழுவ ஊற்றும் தண்ணீர் தரைக்குள் இறங்குகிறது. ஓடி வந்து நிற்கும் காரின் சூடான டயர் ஆறிச் சுருங்கும்போது பூச்சைப் பிடித்து இழுக்கும் என்பதால், பிடிப்புக் குறைந்த பூச்சு முதலில் அந்த இடத்தில் கழன்றுகொள்வது வழக்கம்.

நடுப்பகுதிக் கொப்புளங்களின் கதை வேறு. கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள். உள்ளே வெறும் காற்று இருந்தால், பூசிய நாளில் கான்கிரீட் சூடேறிக்கொண்டிருந்ததால் அதன் நுண்துளைகளிலிருந்து வெளியேறிய காற்றாக இருக்கலாம். ஆனால் அவ்வகைக் குமிழ்கள் பூசிய அன்றே தெரிந்துவிடும். மாதங்கள் கழித்து எழும்பிய கொப்புளத்துக்குள் திரவம் இருந்து, அது காரத்தன்மைத் தாளைக் கரும்பச்சையாகவோ நீலமாகவோ மாற்றினால், கான்கிரீட்டின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு கீழிருந்து ஏறிய ஈரம்தான் காரணம் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

ஒப்பந்தக்காரர் காட்டிய கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் அது மேற்பரப்பை ஒட்டிய ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் அறியாது. திறந்த தரை மேலிருந்து உலர்கிறது, ஆகையால் மேல்பகுதி எப்போதும் அடிப்பகுதியைவிடக் காய்ந்திருக்கும். அதன்மேல் ஈரம் புகாத பூச்சு விழுந்தவுடன் ஆவியாதல் நின்றுவிடுகிறது. அடியிலுள்ள ஈரம் மெல்ல மேலேறி, தளம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் பரவுகிறது. பூசிய அன்று காய்ந்திருந்த தரை சில மாதங்களில் ஈரமாவது இப்படித்தான். ஆகவே, பூசுவதற்கு முன் இருக்கும் மேற்பரப்பு ஈரம் நமக்கு முக்கியமன்று; பூசிய பிறகு மேற்பரப்பில் நிலைக்கப்போகும் ஈரம்தான் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் உலரும் தளத்தில், மொத்தக் கனத்தின் 40 சதவீத ஆழத்தில் அளந்தால் அந்த அளவு கிட்டும் என்பதே ஏஎஸ்டிஎம் எஃப் 2170 என்ற சோதனை முறையின் அடிப்படை. உங்கள் தளம் 10 சென்டிமீட்டர் கனம் என்றால் 4 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, உணரியைச் செருகி, துளையை அடைத்து, குறைந்தது 24 மணி நேரம் விட்டுப் பின்னர் ஒப்பு ஈரப்பதத்தைக் குறிக்க வேண்டும். கராஜுக்கு மூன்று துளைகள் போதும். அவற்றில் ஒன்று கொப்புளங்கள் உள்ள இடத்தில் இருக்கட்டும்.

சாதாரண எபாக்ஸி பூச்சுகள் பலவற்றுக்கு உற்பத்தியாளர்கள் 75 முதல் 85 சதவீதம் வரையிலான ஏதோ ஓர் அளவை உச்சவரம்பாகத் தருகிறார்கள். நீங்கள் வாங்கப்போகும் பொருளின் தரவுத்தாளில் உள்ள எண்தான் உங்களுக்குச் செல்லும். 45 சென்டிமீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் ஒட்டி, 16 மணி நேரம் கழித்து நீர்த்துளி தெரிகிறதா என்று பார்ப்பது செலவில்லாத முதல் சோதனை. துளி தெரிந்தால் தரை ஈரமானது என்று உறுதியாகச் சொல்லலாம். தெரியாவிட்டால் காய்ந்தது என்று சொல்ல முடியாது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் தரையில் 90 சதவீதம் வருவதாக வைத்துக்கொள்வோம். புதிய கான்கிரீட் என்றால் காத்திருக்கலாம். பழைய தரையில் இவ்வளவு ஈரம் இருந்தால், தளத்தின் அடியில் ஈரத்தடுப்புத் தாள் விரிக்கப்படவில்லை, அல்லது அது கிழிந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மண்ணிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும் தரையை எத்தனை நாள் ஹீட்டர் வைத்து உலர்த்தினாலும் மேல்தோல்தான் உலரும். ஈரம் தடுக்கும் எபாக்ஸி பிரைமர் என்று தனியே விற்கப்படுவதை, அதன் தரவுத்தாள் கோரும் முழுக் கனத்தில் பூசி, அதன்மேல் மற்றப் பூச்சுகளை இடுவதே நடைமுறை வழி. அதைத் தவிர்க்க விரும்பினால், பூச்சே போடாமல், ஆவியை வெளியே விடும் சிலிக்கேட் வகைக் கடினமாக்கியை ஊறவைத்து நிறுத்திக்கொள்வது நேர்மையான தீர்வு. பளபளப்பு இராது, உரிவதற்கும் ஒன்றும் இராது.

பாலியூரித்தேன் மேல்பூச்சாகத்தான் தன் திறமையைக் காட்டுகிறது. எபாக்ஸி வெயிலில் மஞ்சளாகிப் பொலிவிழக்கும். கதவருகே வெயில் விழும் இடத்தில் அலிபாட்டிக் வகைப் பாலியூரித்தேன் நிறம் மாறாமல் நிற்கும், கீறலையும் தாங்கும். ஆனால் ஈரத்தைக் கொண்டே இறுகும் ஒற்றைக்கூறு வகையை ஈரக் கான்கிரீட்டில் நேரடியாகப் பூசினால், வினையில் கரியமில வாயு உண்டாகி நுரைத்துவிடும். சிமெண்ட் கலந்த பாலியூரித்தேன் என்ற கனத்த வகை மட்டும் ஈரத்தை நன்கு பொறுக்கும். அது சில மில்லிமீட்டர் கனத்தில் இடப்படுவது, உங்கள் ஒப்பந்தக்காரர் சொல்வது அதுதானா என்று கேளுங்கள்.

எந்தப் பூச்சானாலும், பழையதை முழுவதுமாக நீக்கி, தூசு உறிஞ்சியுடன் கூடிய டைமண்ட் கிரைண்டரால் தரையைத் தேய்க்க வேண்டும். அந்தத் தூசு நுரையீரலைக் கெடுப்பது என்பதால் உறிஞ்சி இல்லாத கிரைண்டரை உள்ளே விடாதீர்கள். தேய்த்த தரை மணல்தாளைத் தடவுவதுபோல் சொரசொரப்பாக இருக்க வேண்டும். பல இடங்களில் தண்ணீர்த் துளி விட்டுப் பாருங்கள்; முத்தாக நின்றால் அங்கே இன்னும் எண்ணெயோ சீலரோ இருக்கிறது.

விலைப்புள்ளியில் கேட்க வேண்டியவை பொருளின் பெயர், ஈர அளவீட்டின் முடிவு, உலர்ந்த பூச்சின் கனம் ஆகியவை. கனத்தை நீங்களே சரிபார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். 24 சதுர மீட்டரில் 0.3 மில்லிமீட்டர் கனத்துக்குக் கரைப்பான் இல்லாத எபாக்ஸி 7.2 லிட்டர் வேண்டும்; பாதி நீராக உள்ள எபாக்ஸி என்றால் 14.4 லிட்டர். வேலை நாளில் அதைவிடக் கணிசமாகக் குறைந்த டின்கள் வந்து இறங்கினால், பூசத் தொடங்குமுன் விளக்கம் கேளுங்கள்.

பூசும்போது தரையின் வெப்பநிலை, காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். வெப்பம் இறங்கத் தொடங்கும் மாலை நேரம் ஏற்றது, ஏனெனில் அப்போது கான்கிரீட் காற்றை வெளியே தள்ளாமல் உள்ளே இழுக்கும். மேல்பூச்சு மறுநாளே நடக்கத் தக்கதாகத் தோன்றினாலும், தரவுத்தாள் வேறு சொல்லாவிட்டால் ஏழு நாள்களுக்குக் காரை அதன்மேல் ஏற்றாதீர்கள்.