அது வைரஸ் இல்லை, 'நன்றி'தான்

கேள்வி: ஐயா, மன்னார்குடி பக்கம் சனி, ஞாயிறு நெல் விதைப் பயிற்சி நடத்தினோம். குறிப்புகளையும், உதவிய 17 தன்னார்வலர்களுக்கு நன்றியையும் இன்ஸ்டாகிராமில் கேரோசலாகப் போட வேண்டும். அச்சகத்தில் தட்டச்சு செய்து தந்ததை கேன்வாவில் ஒட்டினால் 'ed;wp' என்று வருகிறது. ஃபைலில் வைரஸாம். சரிசெய்து படமும் போட்டுத்தர ஒருவர் 4,000 ரூபாயும் பாஸ்வேர்டும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் பார்த்த ed;wp என்பது 'நன்றி'யேதான். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அதில் e என்ற விசைக்கு 'ந' உருவத்தை மாட்டியிருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஒட்டினால் வேஷம் கலைந்து வெறும் e நிற்கும். எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையைப் பயன்படுத்தச் சொல்லி தமிழக அரசு 2010லேயே ஆணை போட்டாயிற்று. நம் ஊர் அச்சகங்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

அச்சகத்தில் என்ன எழுத்துரு என்று மட்டும் கேளுங்கள். பாமினி என்றால், பாமினியை யூனிகோடாக்கும் இலவச இணையப் பக்கத்தில் ஒட்டி மாற்றிக்கொள்ளலாம். வானவில் என்றால் அதற்கான மாற்றி வேறு. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்குப் போட்டால் வேறொரு குழப்பம்தான் வரும்.

ஒரே ஓர் இடத்தில் மாற்றி காலை வாரும். குறிப்புகளுக்கு நடுவே நிஜமான ஆங்கிலம் இருந்தால் அதையும் தமிழாக்கிவிடும். பாமினியில் k என்றால் ம, g என்றால் ப. ஆகவே '1 kg விதை' என்றிருந்தது '1 மப விதை' ஆகிவிடும். எங்களுக்கே ஒருமுறை இப்படி ஆகி, 'மப என்ன அளவு?' என்று ஒரு விவசாயி கேட்டார். அளவு வரும் வரிகளை முதலில் பாருங்கள்.

அப்புறம் குறிப்புகள். 'விதைநேர்த்தியின் அவசியம்' என்று ஒரு படம் போட்டால் யாருக்கும் பயனில்லை. 'ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள்' என்று எழுதினால் வயலுக்குப் போகிறவர் சேமித்து வைப்பார். ஒரு படத்துக்கு ஒரு வேலை போதும். எல்லாப் படத்தையும் 1080 x 1350 அளவில் செய்யுங்கள். முதல் படத்தின் வடிவத்துக்குத்தான் மற்றவையும் வெட்டப்படும்.

17 பெயரையும் ஒரே படத்தில் திணித்தால் ஃபோனில் எறும்பு வரிசையாகத் தெரியும். சோறாக்கியவர்கள், விதை பிரித்தவர்கள் என்று வேலைவாரியாக இரண்டு படமாக்குங்கள். படத்தில் பெயர் தப்பினால் பதிவிட்ட பிறகு திருத்த முடியாது. கீழே எழுதும் வரிகளைத் திருத்தலாம். அதனால் பெயர்களை அங்கேயும் போடுங்கள்.

பாஸ்வேர்டு கேட்பவரிடம் எச்சரிக்கை. படம் செய்ய பாஸ்வேர்டு எதற்கு? கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த மாதமும் காசு கேட்க அதுதான் வழி. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.