WPA3 மாத்துனதும் பழைய டிவி நெட்ல ஏறலயா? கேளுங்க, சொல்றேன்

தண்டையார்பேட்டை: அண்ணே, ரவுட்டர்ல செக்யூரிட்டிய WPA3க்கு மாத்துனேன், போன் எல்லாம் ஏறிடுச்சு, 2015ல வாங்குன டிவி மட்டும் பாஸ்வேர்டு தப்புன்னே சொல்லுது. அம்மா சீரியல் போச்சுன்னு திட்றாங்க.

பாஸ்வேர்டு சரியாத்தான் இருக்கும் தம்பி, மாத்தி மாத்தி அடிச்சி டைம் வேஸ்ட் பண்ணாத. WPA3 வந்ததே 2018ல, உன் டிவி அதுக்கு முன்னாடி. WPA3ல பாஸ்வேர்ட சரிபாக்குற முறையே வேற, அது இந்த டிவிக்குத் தெரியாது, பாதியிலயே நின்னுடும், ஆனா ஸ்க்ரீன்ல காட்ட வேற வார்த்தை இல்லாம பாஸ்வேர்டு தப்புன்னு காட்டிடும். இதுலதான் நெறைய பேரு ஏமாறுறாங்க.

இப்போ ரவுட்டர் பேஜ்குள்ள போ (அடில ஸ்டிக்கர்ல அட்ரஸ் இருக்கும், நெறைய ரவுட்டர்ல 192.168.1.1), Wireless, Security, அங்க WPA2/WPA3 மிக்ஸடு போட்டு சேவ் பண்ணு. அப்புறம் டிவில பழைய நெட்வொர்க்க Forget குடுத்துட்டு, ரிமோட்ல ஆஃப் பண்ணா பத்தாது, சுவிட்ச்லயே ஆஃப் பண்ணி திருப்பி போட்டு புதுசா ஏத்து.

வியாசர்பாடி: மிக்ஸடுன்னா WPA/WPA2 தானே? அத போட்டா எந்த காலத்து டிவியும் ஏறிடும், நான் அப்டிதான் வச்சிருக்கேன்.

ஏறும், அதுல தப்பில்ல. ஆனா மிக்ஸடு ரெண்டு இருக்கு, நீங்க சொல்றது கீழ எறங்குற மிக்ஸடு. அதுல TKIPனு பழைய லாக்கு உள்ள வருது, அதுல ஏறுற டிவைஸ் 54 எம்பிபிஎஸ் தாண்டாது, அதோட ரவுட்டர் எல்லாருக்கும் பொதுவா அனுப்புற டேட்டாவும் அந்தப் பழைய லாக்குக்கே எறங்கிடும். 2015 டிவிக்கு அவ்ளோ கீழ போகத் தேவையே இல்ல, WPA2-PSK, AES அதுக்கு நல்லாவே தெரியும். WPA/WPA2 இனிமே வேணாம்னுதான் நான் சொல்வேன்.

காசிமேடு: எனக்கும் இதே பிரச்சன அண்ணா, என் ரவுட்டர் பேரே டிவி லிஸ்ட்ல வரல, பக்கத்து வீட்டு பேரெல்லாம் வருது.

இது வேற கேஸ்மா. செக்யூரிட்டி பிரச்சனன்னா பெரும்பாலும் பேரு வரும், உள்ளதான் விடாது. பேரே வரலன்னா 2.4 ஆன்ல இருக்கான்னு பாரு, பழைய டிவி நெறைய 5 கிகாஹெர்ட்ஸ பாக்கவே பாக்காது. 2.4 ஆன்ல இருந்தும் வரலன்னா சேனல் 12, 13ல நிக்குதான்னு பாத்து 1, 6, 11ல ஒண்ணு போடு.

தண்டையார்பேட்டை: அண்ணே மிக்ஸடு போட்டும் ஏறல, Forgetம் குடுத்துட்டேன்.

சில டிவிக்கு மிக்ஸடும் ஒத்துக்காது. அதுல ரவுட்டர் ரெண்டு முறையும் தெரியும்னு சேத்து அறிவிக்கும், கூடவே PMFனு ஒரு பாதுகாப்பும் முடியும்னு சொல்லும், பழைய டிவி சாஃப்ட்வேர் அதப் படிக்கிறப்பவே தடுமாறுது. அதனால பேண்ட பிரிச்சிடு. 5 கிகாஹெர்ட்ஸ் WPA3லயே இருக்கட்டும், போன் லேப்டாப் எல்லாம் அதுல. 2.4க்கு வேற பேரு வச்சி WPA2-PSK, AES மட்டும், PMF இருந்தா Disabled. இதுல ஏறிடுச்சின்னா கோளாறு மிக்ஸடுலதான்னு தெரிஞ்சிடும். இதுலயும் ஏறலன்னா, டிவி பின்னாடி லேன் போர்ட் இருந்தா கேபிள் இழுத்துடு, செக்யூரிட்டி தலவலியே கெடையாது.

பெரம்பூர்: டிவிக்காக WPA2 விட்டா வீட்டு நெட்டே வீக் ஆயிடாதா தம்பி?

ஆகும்கா, ரெண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வச்சா. WPA2ல டிவி ஏறுற நேரத்துல காத்துல போறத ஒருத்தன் பிடிச்சி வச்சிகிட்டு, வீட்டுக்குப் போய் உக்காந்து பாஸ்வேர்ட எத்தன தடவ வேணா அடிச்சிப் பாக்கலாம், WPA3ல அது முடியாது. ஒரே பாஸ்வேர்டா இருந்தா WPA2 பக்கம் கண்டுபுடிச்சதே WPA3 பக்கமும் தொறந்துடும். அதனால டிவிக்கு தனி பாஸ்வேர்டு, நீளமா, சம்பந்தமில்லாத நாலஞ்சு வார்த்தைய ஸ்பேஸ் இல்லாம சின்ன எழுத்துல சேத்து அடிங்க, ரிமோட்ல அடிக்கவும் ஈசி. கெஸ்ட் நெட்வொர்க்ல WPA2 வச்சி டிவிய அதுல விட்டா இன்னும் நல்லது, ஆனா போன்லேர்ந்து டிவிக்கு காஸ்ட் பண்றது பெரும்பாலும் வேல செய்யாது, அது தேவையான்னு யோசிச்சிக்குங்க.

தண்டையார்பேட்டை: பிரிச்சதும் ஏறிடுச்சி அண்ணே! ஆனா ஒரு மணி நேரத்துக்கு ஒருவாட்டி கட் ஆகி திருப்பி வருது.

கரெக்டா ஒரு மணி நேரம்னா எனக்கு Group Key மேலதான் சந்தேகம், ரவுட்டர் அந்த சாவிய அப்பப்ப மாத்தும், அந்த எடத்துல 3600 செகண்டுன்னு இருக்கும், பழைய டிவி சிலது மாத்துற நேரத்துல விழுந்துடும். அத 86400 ஆக்கிட்டு நாளைக்கு சீரியல் டைம்ல பாரு. அப்பவும் கட் ஆனா வேற காரணம், சிக்னல் எவ்ளோ காட்டுதுன்னு டிவில பாத்து இங்கயே எழுது.