22 பக்க கஸ்டம்ஸ் ஆணை: அப்பச்சிக்கு ஒரு பக்கத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி: காரைக்குடியில் சின்ன அளவில் மர அலங்காரப் பொருள் இறக்குமதி செய்கிறோம். 2023 ஆகஸ்டில் வந்த சரக்குக்கு இப்போது கஸ்டம்ஸிலிருந்து 22 பக்க ஆணை வந்திருக்கிறது. ஆணையில் ஜூன் 12 தேதி போட்டிருக்கிறது, தபால் கைக்கு வந்தது ஜூன் 20. அப்பச்சி, ‘என்ன சொல்றாங்க, எவ்வளவு கேக்குறாங்க, எப்பக்குள்ள அப்பீல் போடணும், ஒரே தாள்ல எழுதிக் கொடு’ என்கிறார். எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்: முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். கடைசிப் பக்கத்தில் ‘ஆர்டர்’ என்ற தலைப்புக்குக் கீழே எண் போட்ட பத்திகள் இருக்கும். அதுதான் முடிவு. நடுவில் பாதிக்கு மேல் நோட்டீஸில் சொன்னதும் நீங்கள் பதிலில் சொன்னதும்தான். அதிலிருந்து ஒரு வரியை எடுத்து ‘தீர்ப்பு’ என்று எழுதிவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. காரணம் வேண்டுமென்றால் ‘ஃபைண்டிங்ஸ்’ பகுதிக்கு மட்டும் போங்கள்.

நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். சுங்க வரி அட்டவணையில் நீங்கள் 4420 என்ற தலைப்பில், அதாவது மர அலங்காரப் பொருளாக, காட்டியதை அதிகாரி 9403-க்கு, அதாவது மரச்சாமான் தலைப்புக்கு, மாற்றியிருக்கிறார். அத்தியாயம் 94-இன் 2-ஆம் குறிப்புதான் அவருடைய காரணம். தரையில் வைப்பதற்கென்று செய்ததுதான் அங்கே மரச்சாமான். ஆனால் அலமாரி, புத்தக ஷெல்ஃப் போன்ற தட்டு வைத்த சாமான் சுவரில் மாட்டுவதாக இருந்தாலும் மரச்சாமான்தான். நம் வளவுச் சுவரில் தொங்கும் இரண்டு தட்டுப் பலகையைப் பார்த்து யாரும் ‘பர்னிச்சர்’ என்று சொல்லமாட்டார்கள், சட்டம் சொல்கிறது.

உங்கள் இன்வாய்ஸில் ஆறு லட்ச ரூபாய்க்குத் தட்டுப் பலகையும் இரண்டு லட்ச ரூபாய்க்குத் தொப்பி மாட்டும் முளைப்பலகையும் இருக்கின்றன. ஆணை இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. தட்டுப் பலகையில் உங்கள் வாதம் பலவீனம், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. முளைப்பலகையில் தட்டும் இல்லை, அது தரையில் நிற்பதும் இல்லை. 4420-க்கான விளக்கக் குறிப்பே கோட்டு, தொப்பி மாட்டும் சட்டங்களை உதாரணமாகச் சொல்கிறது. அப்பீலின் உயிர் அங்கேதான். ஆகவே வகைப்பாட்டைப் பொருள்வாரியாக இரண்டு வரியில் எழுதுங்கள்.

தொகையை நானும் போட்டுப் பார்த்தேன். மதிப்பு 8,00,000. நீங்கள் கட்டியது: அடிப்படை வரி 10 சதவீதம், அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல மேல்வரி, எல்லாம் சேர்த்து அதன் மேல் ஐஜிஎஸ்டி 12 சதவீதம். ஆக 1,94,560. ஆணைப்படி அடிப்படை வரி 25, ஐஜிஎஸ்டி 18 சதவீதம். ஆக 4,03,600. வித்தியாசம் 2,09,040, ஆணையிலும் இதே எண்தான். 2025 பட்ஜெட்டில் மரச்சாமான் வரி மாறியது உங்களுக்கு உதவாது. சரக்கு வந்தபோது இருந்த விகிதம்தான் கணக்கு.

வட்டிக்கு ஆணையில் எண் இருக்காது, ‘28ஏஏ பிரிவின்படி’ என்று மட்டும் இருக்கும். அதை விட்டுவிட்டால் அப்பச்சி பிறகு உங்களைத்தான் கேட்பார். ஆண்டுக்கு 15 சதவீதம், 2023 செப்டம்பர் 1 முதல், மாதம் சுமார் 2,613 ரூபாய். அப்பீல் போட்டாலும் தோற்றால் இது ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

தாள் இப்படி இருக்கட்டும்:

“தட்டுப் பலகை, முளைப்பலகை இரண்டும் 4420 அல்ல, 9403 என்று முடிவு. காரணம் அத்தியாயம் 94, குறிப்பு 2. கேட்கும் வரி ரூ. 2,09,040. அதோடு 15 சதவீத வட்டி, அபராதம் ரூ. 20,000. ஆணை கிடைத்தது ஜூன் 20. அப்பீலுக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 19. முன்பணம் ரூ. 15,678. முளைப்பலகைக்கு மட்டும் வரி வித்தியாசம் ரூ. 52,260, அதில்தான் வாய்ப்பு.”

நாள் எண்ணுவதில் கவனம். ஆணையில் போட்ட தேதியிலிருந்து அல்ல, உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 60 நாள். கிடைத்த நாளைச் சேர்க்காமல் எண்ணினால் ஆகஸ்ட் 19. தகுந்த காரணம் காட்டினால் கமிஷனர் (அப்பீல்ஸ்) இன்னும் 30 நாள் வரை தாமதத்தை மன்னிக்கலாம், அதாவது செப்டம்பர் 18 வரை. அதற்கு மேல் ஒரு நாள்கூட மன்னிக்க அவருக்கே அதிகாரமில்லை. இந்த 30 நாளைத் தாளில் எழுதாதீர்கள். எழுதினால் வீட்டில் அதையே கடைசி நாளாக எடுத்துக்கொள்வார்கள்.

முன்பணம் வரித்தொகையில் ஏழரை சதவீதம்தான், அபராதமும் வட்டியும் அதில் சேராது. அதைக் கட்டிய ரசீது இல்லாமல் அப்பீல் நிற்காது. இந்தக் கணக்கு உதவி கமிஷனர் கையெழுத்திட்ட உங்கள் ஆணைக்கு. கமிஷனரே பிறப்பித்த ஆணையாக இருந்தால் அப்பீல் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகும், அவகாசமும் மூன்று மாதம். எங்கே, யாருக்கு என்ற முகவரி ஆணையின் முதல் பக்க முன்னுரையில் அச்சிட்டிருக்கும்.

தபால் உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உங்கள் ஜூன் 20-க்கு அதன் மேலுள்ள முத்திரைதான் சாட்சி. ஆனால் பதிவு செய்த மின்னஞ்சலையும் ஒரு முறை திறந்து பாருங்கள். அதே ஆணை தபாலுக்கு முன்னால் அங்கே வந்திருந்தால், 60 நாள் அன்றைக்கே தொடங்கியிருக்கும்.